ஒரு சொட்டு அம்மோனியா: குளுக்கோஸோட ரெண்டு முகம்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "பாடப் புத்தகத்துல ஆல்ஃபா குளுக்கோஸ், பீட்டா குளுக்கோஸ்னு ரெண்டு படம் இருக்கு. ஒன்னுல OH கீழே, இன்னொன்னுல மேலே. இதை யார் பார்த்தாங்க? எப்படித் தெரியும்?" நியாயமான கேள்விதான். நான் காலேஜ்ல படிச்சப்போ யாரும் இதைச் சொல்லித் தரலை. மேலே போட்டா பீட்டா, கீழே போட்டா ஆல்ஃபா, மனப்பாடம் பண்ணு, அவ்வளவுதான். அந்த நாற்காலிப் படத்தை ஒரு இன்டர்னல் டெஸ்ட்ல நான் வரைஞ்சது நாற்காலி மாதிரியும் இல்லை, கட்டில் மாதிரியும் இல்லை. முழு மார்க்கும் போச்சு.

அதனால இன்னைக்கு ரெண்டு வேலை. முதல்ல அந்த "எப்படித் தெரியும்" கதை. கடைசியில அந்தப் படத்தை நாம சேர்ந்து வரையப் போறோம். பேப்பரும் பேனாவும் பக்கத்துல வச்சுக்கோங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்கறவங்க வீட்டுக்குப் போய் வரைஞ்சுக்கலாம்.

கதை 1840கள்ல பிரான்ஸ்ல ஆரம்பிக்குது. அந்தக் காலத்துல சர்க்கரைன்னா பெரிய பணம். பீட்ரூட்ல இருந்து சர்க்கரை எடுக்கிற ஆலைகள் நிறைய வந்திருந்தன. வந்த சரக்குல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழி வேணும். அதுக்கு வழி காட்டினவர் ஜான் பாப்டிஸ்ட் பியோ. ஒரே தளத்துல மட்டும் அதிர்கிற ஒளியைச் சர்க்கரைக் கரைசல் வழியா அனுப்பினா, அந்தத் தளம் கொஞ்சம் திரும்பி வெளியே வரும். எத்தனை டிகிரி திரும்புதோ, அதை வச்சு எவ்வளவு சர்க்கரை கரைஞ்சிருக்குன்னு சொல்லிடலாம். இந்தத் திருப்பத்தை அளக்கிற கருவிதான் போலாரிமீட்டர். நீளமான ஒரு குழாய், ரெண்டு பக்கமும் கண்ணாடி, ஒரு முனையில கண்ணை வச்சு மறுமுனை ஒளியைப் பார்க்கணும்.

சர்க்கரை வேதியியல்ல ஊறிப்போன ஒருத்தர் இருந்தார், ஒகுஸ்தன் பியேர் துப்ரன்ஃபோ. அவர் குளுக்கோஸைத் தண்ணில கரைச்சு, உடனே குழாய்ல ஊத்தி அளந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு அதே குழாயைத் திரும்பப் பார்த்தா அளவு குறைஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா இன்னும் குறைவு. சில மணி நேரம் கழிச்சுத்தான் ஒரு இடத்துல நின்னுச்சு.

இதை எண்ணா சொன்னா தெளிவா இருக்கும். இன்னைக்கு நம்ம கையில இருக்கிற சுத்தமான அளவுகளை வச்சுப் பார்க்கலாம். 10 கிராம் ஆல்ஃபா குளுக்கோஸை எடுத்து 100 மில்லிலிட்டர் கரைசலா ஆக்குங்க. 20 சென்டிமீட்டர் குழாய்ல ஊத்தி உடனே அளந்தா ஏறக்குறைய 22.4 டிகிரி. அப்படியே மூடி வச்சிடுங்க. சாதாரண அறை வெப்பத்துல மொத்த மாற்றத்துல பாதி நடக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். கடைசியில 10.5 டிகிரியில நின்னுடும். யாரும் எதையும் சேர்க்கலை, எதையும் எடுக்கலை. கரைசலைக் காய்ச்சித் திரும்பப் படிகமாக்கினா அதே குளுக்கோஸ்தான் வருது. சரக்கை எடை போடுற தராசே தானா நகர்ந்தா எப்படி இருக்கும்? ஆலைக்காரங்களுக்கு அது மாதிரிதான்.

ஆரம்ப அளவு கடைசி அளவைப் போல ரெண்டு மடங்கா இருந்ததால, இதுக்கு "இரட்டைச் சுழற்சி"ங்கிற அர்த்தத்துல ஒரு பேரு வச்சாங்க. ஆனா வேற சர்க்கரைகள்ல அந்த ரெண்டு மடங்குக் கணக்கு பொருந்தலை. 1899ல தாமஸ் மார்ட்டின் லோரி "மியூட்டாரொட்டேஷன்"னு ஒரு பேரு சொன்னார். மாறுகிற சுழற்சின்னு அர்த்தம். அதுதான் நிலைச்சது. கவனிச்சீங்களா, பார்த்ததுக்கும் பேரு வச்சதுக்கும் நடுவுல அரை நூற்றாண்டு. காரணம் என்னன்னு அந்த அரை நூற்றாண்டும் தகராறுதான்.

சரி, காரணத்துக்குப் பக்கத்துல எப்படி வந்தாங்க? அதுக்கு எமில் ஃபிஷர்கிட்ட போகணும். 1891ல குளுக்கோஸோட கார்பன்கள்ல எந்த OH எந்தப் பக்கம்னு தீர்த்து வச்சவர் இவர். அவர் வரைஞ்ச குளுக்கோஸ் ஒரு நேரான சங்கிலி. ஆறு கார்பன், தலையில ஒரு ஆல்டிஹைடு. 1893ல அவர் ஒரு எளிய வேலை செஞ்சார். குளுக்கோஸை மெத்தனால்ல போட்டு, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தினார். சாதாரண ஆல்டிஹைடு எதை எடுத்தாலும், இந்தச் சூழ்நிலையில அது ரெண்டு மெத்தனாலைப் பிடிச்சுக்கும். குளுக்கோஸும் ரெண்டைப் பிடிக்கும்னுதான் எதிர்பார்க்கணும்.

பிடிச்சது ஒன்னே ஒன்னு.

இந்த "ஒன்னு"ங்கிறதுதான் விஷயம். ரெண்டு ஆல்கஹால் உட்கார வேண்டிய இடத்துல ஒன்னுதான் வெளியில இருந்து வந்திருக்குன்னா, இன்னொரு இடத்தை ஏற்கனவே யாரோ பிடிச்சு வச்சிருக்காங்க. யாரு? குளுக்கோஸே. அதோட சங்கிலியில இருக்கிற OHகள்ல ஒன்னு சுத்தி வளைஞ்சு வந்து தலையில இருக்கிற ஆல்டிஹைடைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. பாம்பு தன் வாலைத் தானே கவ்வின மாதிரி. குளுக்கோஸ் ஒரு வளையம்ங்கிற யோசனையை டோலன்ஸ் 1883லயே சொல்லியிருந்தார். இப்போ அதுக்குக் கையில பிடிக்கிற மாதிரி ஒரு பொருள் கிடைச்சது. அந்தப் பொருளுக்குப் பேரு மெத்தில் குளுக்கோசைடு. சர்க்கரையோட அந்தத் தலை இடத்துல வேற ஒரு ஆல்கஹால் வந்து பூட்டிக்கிட்டா பொதுவா அதைக் கிளைக்கோசைடுன்னு சொல்வாங்க.

பூட்டுன்னு ஏன் சொல்றேன்னா, இந்தப் பொருளைத் தண்ணில கரைச்சு போலாரிமீட்டர்ல வச்சா, அளவு நகரவே நகராது. ஒரு நாள் முழுக்க வச்சாலும் அதே அளவு. ஃபெலிங் கரைசலோட கொதிக்க வச்சாலும் சிவப்புப் படிவு வராது. ஆல்டிஹைடு குணம் எதுவும் இல்லை. அமிலம் போட்டு சூடாக்கினா மட்டும் பூட்டு திறந்து குளுக்கோஸ் திரும்ப வரும். காரமான கரைசல்ல திறக்காது. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கதையோட உச்சம் அதுலதான் இருக்கு.

வளையம் மூடும்போது இன்னொன்னு நடக்குது. ஆல்டிஹைடு கார்பன் தட்டையானது. வால் வந்து அதை முன்பக்கமாவும் பிடிக்கலாம், பின்பக்கமாவும் பிடிக்கலாம். எந்தப் பக்கம் பிடிக்குதுங்கிறதைப் பொறுத்து, ஒன்னாம் கார்பன்ல புதுசா வர்ற OH ரெண்டு விதமா நிக்கும். அப்போ மெத்தில் குளுக்கோசைடும் ரெண்டு இருக்கணும். ஃபிஷருக்கு முதல்ல ஒன்னுதான் படிகமா கிடைச்சது. அடுத்த வருஷமே, 1894ல, ஆல்பெர்டா ஃபான் எக்கன்ஸ்டைன் இன்னொன்னைப் பிரிச்செடுத்தார். முதல்ல கிடைச்சது ஆல்ஃபா, ரெண்டாவது பீட்டா. இந்தப் பேருக்குப் பின்னால அப்போ வடிவம் பத்தின தகவல் எதுவும் கிடையாது, கிடைச்ச வரிசைதான்.

1895ல சார்ல் தான்ரே குளுக்கோஸையே வேற வேற விதமா படிகமாக்கிப் பார்த்தார். ஒரு படிகத்தைக் கரைச்சா அளவு மேலே இருந்து இறங்குது. இன்னொரு படிகத்தைக் கரைச்சா கீழே இருந்து ஏறுது. ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்குது. இன்னைய அளவுல சொன்னா ஒன்னு 112.2ல ஆரம்பிக்குது, இன்னொன்னு 18.7ல. ரெண்டும் சேருற இடம் 52.7. அந்த நடு இடத்தையும் தனி வடிவம்னு நினைச்சு தான்ரே மூனு பேரு வச்சார். அது தனி வடிவம் இல்லை, ரெண்டும் கலந்த கலவைன்னு பின்னாடி தெளிவாச்சு.

கலவைன்னு தெரிஞ்சா விகிதத்தை நாமே கண்டுபிடிக்கலாம். கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் நடுவுல இருக்கிற தூரம் 93.5. கீழ்ப்படியிலிருந்து கலவை நிக்கிற இடத்துக்குத் தூரம் 34. முப்பத்து நாலை தொண்ணூத்து மூனரையால வகுத்தா 0.36. அதாவது மேலே ஆரம்பிக்கிற வடிவம் 36 சதவீதம், கீழே ஆரம்பிக்கிற வடிவம் 64 சதவீதம். வளையம் திறக்குது, சங்கிலி ஆகுது, திரும்ப எந்தப் பக்கமாவோ மூடுது. ஒரு நேரத்துல திறந்த சங்கிலியா இருக்கிறது லட்சத்துல ஒரு சில மூலக்கூறுகள்தான். ஆனா வளையத்துல இருக்கிற ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு தடவையாவது அந்தக் கதவு வழியா போய்த்தான் இன்னொரு வடிவமா மாறணும்.

இப்போ நம்ம கையில ரெண்டு ஜோடி இருக்கு. பூட்டின ஜோடி: ஆல்ஃபா மெத்தில் குளுக்கோசைடு, பீட்டா மெத்தில் குளுக்கோசைடு. பூட்டாத ஜோடி: மேலே இருந்து இறங்கற குளுக்கோஸ், கீழே இருந்து ஏறற குளுக்கோஸ். எது எதோட சொந்தம்? அதுதான் 1900 வாக்குல இருந்த கேள்வி.

பூட்டைத் திறந்து எது வெளியே வருதுன்னு பார்த்தா போதும்னு தோணும். ஆனா அமிலம் போட்டுச் சூடாக்கித்தான் திறக்கணும். அந்தச் சூட்டுல, அந்த அமிலத்துல, வெளியே வந்த குளுக்கோஸ் உடனே ரெண்டு வடிவமும் கலந்த கலவையா ஆயிடும். எந்தப் பூட்டைத் திறந்தாலும் கிடைக்கிறது அதே கலவைதான். சாட்சி வாயைத் திறக்கறதுக்குள்ள மறந்துடுது.

இங்கே பாதாம் பருப்பு உள்ளே வருது. பாதாம்ல எமல்சின்னு ஒரு நொதி இருக்குன்னு லீபிக்கும் வோலரும் 1837லயே சொல்லியிருந்தாங்க. கசப்புப் பாதாம்ல இருக்கிற அமிக்டலின் ஒரு கிளைக்கோசைடு. எமல்சின் அதை வெட்டும்போது சயனைடு வெளியே வரும். நம்ம ஊர் மரவள்ளிக்கிழங்குல இருக்கிற லினமாரினும் இதே வகைதான், அதுவும் பீட்டா பூட்டு. ஃபிஷர் 1894ல கண்ட விஷயம் என்னன்னா, எமல்சின் பீட்டா மெத்தில் குளுக்கோசைடை மட்டும் வெட்டும், ஆல்ஃபாவைத் தொடாது. ஈஸ்ட்ல இருந்து எடுக்கிற நொதி ஆல்ஃபாவை மட்டும் வெட்டும், பீட்டாவைத் தொடாது. பூட்டும் சாவியும்ங்கிற பிரபலமான உவமையை அவர் சொன்னது இதை வச்சுத்தான்.

நொதி சாதாரண வெப்பத்துல, அமிலம் இல்லாம வேலை செய்யும். அப்போ வெளியே வர்ற குளுக்கோஸுக்கு மறதி வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நேரம் இருக்கு. அந்த அரை மணி, முக்கால் மணி. இதைப் பிடிச்சவர் எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் ஆர்ம்ஸ்ட்ராங். பெர்லின்ல ஃபிஷரோட வேலை செஞ்சுட்டு இங்கிலாந்து திரும்பினவர். 1903ல அவர் வெளியிட்ட சோதனை எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச பகுதி.

செய்முறை இதுதான். குளுக்கோசைடு கரைசல்ல நிறைய நொதியைப் போட்டு வேகமா வெட்ட விடணும். எல்லாம் வெட்டி முடியற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அதுக்குள்ள மறதி வந்துடும். கொஞ்சம் வெட்டினதும் குழாய்ல ஊத்தி அளக்கணும். ஆனா இந்த அளவை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. ஏன்னா குழாய்ல பாதி வெட்டாத குளுக்கோசைடு, பாதி வெட்டின குளுக்கோஸ், கூடவே நொதியும் இருக்கு. எல்லாத்தோட சுழற்சியும் சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியுது.

அதனால அவர் குழாய்ல ஒரு சொட்டு அம்மோனியா விட்டார்.

காரம் பட்டா குளுக்கோஸ் வளையம் திறந்து மூடறது ரொம்ப வேகமாயிடும். மணிக்கணக்குல நடக்க வேண்டியது சட்டுனு நடந்து முடிஞ்சிடும். ஆனா பூட்டின குளுக்கோசைடைக் காரம் ஒன்னும் செய்யாது. முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அது இதுக்குத்தான். அப்போ அம்மோனியா விட்டதும் அளவு நகர்ந்தா, அந்த நகர்வு முழுக்க முழுக்க புதுசா வெளியே வந்த குளுக்கோஸோடது. எவ்வளவு நகருதுன்னுகூட கவலை இல்லை. எந்தத் திசைன்னு பார்த்தா போதும்.

எமல்சின் வெட்டின பீட்டா குளுக்கோசைடு குழாய்ல அம்மோனியா விட்டதும் அளவு ஏறிச்சு. அப்போ வெளியே வந்தது 18.7ல இருந்து ஏறற குளுக்கோஸ். ஈஸ்ட் நொதி வெட்டின ஆல்ஃபா குழாய்ல அளவு இறங்கிச்சு. அங்கே வெளியே வந்தது 112ல இருந்து இறங்கற குளுக்கோஸ். சொந்தம் தீர்ந்தது. இறங்கறதுக்கு ஆல்ஃபா குளுக்கோஸ், ஏறறதுக்கு பீட்டா குளுக்கோஸ்னு இன்னைக்கு நாம சொல்றதுக்கு இதுதான் அடிப்படை.

ஆனா ஒரு நிமிஷம். இந்தச் சோதனையில ஒரு ஓட்டை இருக்கு, கண்டுபிடிச்சீங்களா? நொதி வெட்டும்போது ஒன்னாம் கார்பனோட திசையை மாத்தாம வெட்டுதுன்னு எடுத்துக்கிட்டோம். அதுக்கு அப்போ ஆதாரம் எதுவும் கிடையாது. பின்னாடி பார்த்தா, ரெண்டு விதமான நொதியும் இருக்கு. சில நொதிகள் பழைய திசையிலேயே குளுக்கோஸை விடும். சில நொதிகள் தலைகீழாக்கி விடும். சர்க்கரைவள்ளிக்கிழங்குல நிறைய இருக்கிற பீட்டா அமைலேஸ் ரெண்டாவது வகை. மாவுச்சத்துல இருக்கிற ஆல்ஃபா பூட்டை வெட்டி பீட்டா வடிவத்துல மால்டோஸை விடும். அதனாலதான் 1925ல ரிச்சர்ட் கூன் அதுக்கு பீட்டான்னு பேரு வச்சார். மியூட்டாரொட்டேஷன் எந்தத் திசையில போகுதுன்னு பார்த்து வச்ச பேரு.

ஆர்ம்ஸ்ட்ராங் கையில கிடைச்ச ரெண்டு நொதியும் திசையை மாத்தாத வகை. அதிர்ஷ்டம்தான். ரெண்டுமே தலைகீழாக்கிற வகையா இருந்திருந்தா, முடிவு அப்படியே மாறி வந்திருக்கும், அதுவும் ரொம்ப அழகா, முரண்பாடே இல்லாம. தப்புன்னு சந்தேகப்படக்கூட வழி இருந்திருக்காது. திசை மாறாத நொதி எப்படி வேலை செய்யுதுன்னு டேனியல் கோஷ்லண்ட் 1953ல விளக்கினார். நொதி முதல்ல தானே பின்பக்கத்துல இருந்து கார்பனைப் பிடிக்குது, அப்போ ஒரு தடவை தலைகீழ். பிறகு தண்ணி வந்து நொதியைத் தள்ளுது, ரெண்டாவது தடவை தலைகீழ். ரெண்டு தடவை திரும்பினா பழைய திசை.

நல்லவேளையா வேற பக்கத்துல இருந்தும் சாட்சி வந்தது. 1913ல போசகன் போரிக் அமிலத்தை வச்சுப் பார்த்தார். பக்கத்து பக்கத்துக் கார்பன்கள்ல ஒரே பக்கமா ரெண்டு OH இருந்தா போரிக் அமிலம் அதைப் பிடிச்சுக்கும், கரைசலோட மின்கடத்தல் கூடும். ஆல்ஃபா குளுக்கோஸைக் கரைச்ச உடனே கடத்தல் அதிகமா இருந்து, மியூட்டாரொட்டேஷன் நடக்க நடக்க குறைஞ்சது. பீட்டாவுக்கு நேர்மாறு. அப்போ ஆல்ஃபாவுலதான் ஒன்னாம் கார்பன் OHயும் ரெண்டாம் கார்பன் OHயும் ஒரே பக்கம். ரெண்டாம் கார்பன்ல OH எந்தப் பக்கம்னு ஃபிஷர் ஏற்கனவே சொல்லியாச்சு. நம்ம படத்துல அது கீழே. அதனால ஆல்ஃபா கீழே, பீட்டா மேலே. "மேலே போட்டா பீட்டா"ங்கிற அந்த மனப்பாட வரிக்குப் பின்னால இருக்கிறது இதெல்லாம்தான்.

இனி படம். வளையத்துல எத்தனை பேர் இருக்காங்கன்னு 1926 வாக்குல ஹாவர்த் குழு தீர்த்தது: அஞ்சு கார்பன், ஒரு ஆக்சிஜன், மொத்தம் ஆறு. டோலன்ஸும் ஃபிஷரும் அஞ்சு பேர்னு நினைச்சிருந்தாங்க. ஹாவர்த் அதைத் தட்டையா வரைஞ்சார். ஆனா ஆறு பேர் வளையம் தட்டையா இருக்காது, நாற்காலி மாதிரி மடங்கும்னு ஹெர்மன் சாக்சே 1890லயே சொல்லியிருந்தார். யாரும் காது கொடுக்கலை, மனுஷன் 1893ல சின்ன வயசுலயே இறந்துட்டார். 1940கள்ல ஹாசல், 1950ல பார்ட்டன் வந்த பிறகுதான் நாற்காலி எல்லார் நோட்டுப் புத்தகத்துக்கும் வந்தது. சர்க்கரைகளுக்கு இதைப் பொருத்திக் காட்டினதுல ரிச்சர்ட் ரீவ்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

பேனாவை எடுங்க. முதல்ல ஒரு கோடு, இடது பக்கத்துல இருந்து வலது பக்கம் லேசா ஏறற மாதிரி. ஒரு ரெண்டு இன்ச் நீளம். அதுக்கு மேலே, கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, அதே சாய்வுல, அதே நீளத்துல இன்னொரு கோடு. கீழ்க் கோடு நமக்குப் பக்கத்துல இருக்கு, மேல் கோடு தள்ளி இருக்கு.

இப்போ இடது பக்கம், ரெண்டு கோட்டுக்கும் வெளியே, மேல் கோட்டோட இடது முனையை விடக் கொஞ்சம் உயரத்துல ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில இருந்து ரெண்டு கோட்டோட இடது முனைகளுக்கும் இணைங்க. கீழ் முனைக்குப் போற கோடு செங்குத்தா இறங்கும், மேல் முனைக்குப் போற கோடு கிட்டத்தட்ட படுத்திருக்கும். வலது பக்கம் இதையே திருப்பிப் போடுங்க: மேல் கோட்டோட வலது முனையில இருந்து செங்குத்தா இறங்கற கோடு, கீழ்க் கோட்டோட வலது முனையில இருந்து படுத்த மாதிரி ஒரு கோடு, ரெண்டும் ஒரு புள்ளியில சேரணும். இந்த வலது புள்ளி இடது புள்ளியை விடத் தாழ்வா இருக்கும். சரி பார்க்க ஒரே வழி: எதிரெதிர்ப் பக்கங்கள் மூனு ஜோடியும் இணையா இருக்கணும். என் கட்டில் படம் ஏன் கட்டிலாச்சுன்னா, இணையா போடாததுதான்.

இப்போ பேரு வைக்கணும். மேல் கோட்டோட வலது முனை ஆக்சிஜன். தாழ்ந்த வலது புள்ளி ஒன்னாம் கார்பன். அங்கிருந்து முன்பக்கமா, கடிகார முள் சுத்தற திசையில எண்ணிக்கிட்டே வாங்க: கீழ்க் கோட்டோட வலது முனை ரெண்டு, இடது முனை மூனு, உயர்ந்த இடது புள்ளி நாலு, மேல் கோட்டோட இடது முனை அஞ்சு. ஆறாம் கார்பன் வளையத்துக்கு வெளியே, அஞ்சுல தொங்கற CH2OH.

ஒவ்வொரு கார்பன்லயும் ரெண்டு கைகள் மீதி இருக்கு. ஒரு கை நேர் மேலே, இல்ல நேர் கீழே. அதுக்கு ஆக்சியல்னு பேரு. மேல்நோக்கி நிக்கிற மூலையில மேலே, கீழ்நோக்கி நிக்கிற மூலையில கீழே. நாலுல மேலே, மூனுல கீழே, ரெண்டுல மேலே, ஒன்னுல கீழே, அஞ்சுல கீழே. இந்த அஞ்சு ஆக்சியல் கையிலயும் வெறும் H போடுங்க.

மீதி இருக்கிற கை வெளிப்பக்கமா நீட்டிக்கிட்டிருக்கும். அதுதான் ஈக்வட்டோரியல். இதைத்தான் நிறைய பேர் தப்பா, எல்லாத்தையும் படுத்த கோடா போட்டுடுவாங்க. விதி என்னன்னா, ஒரு கார்பனோட ஈக்வட்டோரியல் கை, அந்தக் கார்பனைத் தொடாத, ஒரு பக்கம் தள்ளி இருக்கிற வளையக் கோட்டுக்கு இணையா போகணும். ஒன்னாம் கார்பன்ல அது நீளக் கோட்டுக்கு இணை, அதனால வலது பக்கம் லேசா ஏறும். ரெண்டுல வலது பக்கம் கீழே இறங்கும். மூனுல இடது பக்கம் லேசா ஏறும். நாலுல இடது பக்கம் லேசா இறங்கும். அஞ்சுல இடது பக்கம் மேலே ஏறும். ஒன்னு, ரெண்டு, மூனு, நாலுல OH போடுங்க. அஞ்சுல CH2OH.

முடிஞ்சது. இது பீட்டா குளுக்கோஸ். பெரிய உருப்படி எல்லாமே வெளிப்பக்கம், உள்ளே நெருக்கறது எல்லாம் குட்டி H. ஆறு கார்பன் சர்க்கரைகள்ல இந்த வசதி குளுக்கோஸோட பீட்டா வடிவத்துக்கு மட்டும்தான். ஆல்ஃபா வேணும்னா ஒன்னாம் கார்பன்ல மட்டும் OHயையும் Hஐயும் இடம் மாத்திப் போடுங்க. OH நேர் கீழே நிக்கும், கொஞ்சம் நெருக்கடி. 64க்கு 36 வர்றது இந்த நெருக்கடியாலதான்.

ஒரு எச்சரிக்கை. நாற்காலியைப் புரட்டினா, அதாவது உயர்ந்த நாலாம் மூலையைத் தாழ்த்தி, தாழ்ந்த ஒன்னாம் மூலையை உயர்த்தினா, ஆல்ஃபா பீட்டா ஆயிடும்னு சிலர் நினைக்கறாங்க. ஆகாது. புரட்டினா எல்லாக் கைகளும் ஒரே நேரத்துல ஆக்சியல் ஆகும், ஆனா மேலே இருந்தது மேலேயேதான் இருக்கும். பீட்டா பீட்டாவாவே இருக்கும், அசௌகரியமா இருக்கும், அவ்வளவுதான். ஆல்ஃபா பீட்டாவா மாறணும்னா ஒரு பிணைப்பு உடைஞ்சு, வளையம் திறந்து, திரும்ப மூடணும். துப்ரன்ஃபோ குழாய்ல அத்தனை மணி நேரம் நடந்தது அதுதான்.

கடைசியா, உங்க படத்துல ஒன்னாம் கார்பன் OHல இருக்கிற Hஐ அடிச்சுட்டு CH3 எழுதுங்க. அது பீட்டா மெத்தில் குளுக்கோசைடு, எமல்சின் வெட்டினது. இதுவும் எல்லாம் வெளிப்பக்கம், வசதியான வடிவம். அப்போ மெத்தனாலும் அமிலமும் போட்டு நல்லா நேரம் கொடுத்தா இதுதானே அதிகம் வரணும்? வராது. அதிகம் வர்றது ஆல்ஃபா, நெருக்கடியில நிக்கிறது. ஃபிஷர் கையில முதல்ல படிகமானதும் அதுதான். ஒன்னாம் கார்பனுக்குப் பக்கத்துல வளைய ஆக்சிஜன் இருக்கு. அதோட எலக்ட்ரான்களுக்கு, நேர் கீழே நிக்கிற ஆக்சிஜன்தான் பொருந்தி வருது. இதுக்கு அனோமெரிக் விளைவுன்னு பேரு, 1950கள்ல எட்வர்டும் லெமியூவும் கவனிச்சுச் சொன்னது. குளுக்கோஸ் தண்ணில இருக்கும்போதும் இந்த இழுப்பு உண்டு. இல்லைன்னா ஆல்ஃபா 36 சதவீதம்கூட வந்திருக்காது.

படம் வரைஞ்சவங்க போட்டோ எடுத்து அனுப்புங்க. கட்டிலா வந்திருந்தாலும் பரவாயில்லை.